ஓண லீவிலும் ஆறாத சூடு

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை. வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆலையில் மலையாளம், டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் இரண்டும் கலந்து ஒரு பாஷை. அந்த யார்டில் நிற்கிற 110/11 கேவி, 10 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் எங்களை ஏழு மாதம் சுற்ற விட்ட கதை இது. கடைசியில் குற்றவாளியாகப் பிடிபட்டது கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு ஸ்பிரிங் வாஷர்.

ஜூலையில் வழக்கமான ஆயில் சாம்பிள் அனுப்பினோம். ஆயிலில் கரைந்திருக்கும் வாயுக்களை அளக்கும் டிஜிஏ சோதனைதான். மார்ச்சில் வந்த ரிப்போர்ட்டில் எத்திலீன் 14 பிபிஎம். யாரும் இரண்டாவது முறை பார்க்காத எண். ஜூலையில் அது 390. மீத்தேன் 18-லிருந்து 240, ஈத்தேன் 9-லிருந்து 85, ஹைட்ரஜன் 110. அசிட்டிலீன் வெறும் 3. கார்பன் மோனாக்சைடு மட்டும் 310-லிருந்து 325. அதாவது ஏறவே இல்லை என்று சொல்லலாம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி சாம்பிள் எடுத்தோம், முதல் சாம்பிளில் ஏதாவது கோளாறோ என்ற நப்பாசையில். எத்திலீன் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. சரி, விஷயம் உண்மைதான்.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மீத்தேனை ஹைட்ரஜனால் வகுத்தால் 2.2. எத்திலீனை ஈத்தேனால் வகுத்தால் 4.6. அசிட்டிலீனை எத்திலீனால் வகுத்தால் 0.01-க்கும் கீழே. ஐஈசி 60599 என்கிற சர்வதேச வழிகாட்டியின் அட்டவணையில் இந்த மூன்றும் சேர்ந்து விழுகிற கட்டம் டி3, அதாவது 700 டிகிரிக்கு மேல் போன வெப்பக் கோளாறு. எங்கேயோ உள்ளே ஒரு சின்ன இடம் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து, அதைத் தொடுகிற ஆயிலைச் சிதைத்துக் கொண்டிருக்கிறது. அசிட்டிலீன் இல்லாததால் அங்கே தீப்பொறி பறக்கவில்லை. கார்பன் மோனாக்சைடு ஏறாததால் காகித இன்சுலேஷனும் பெரிதாகக் கருகவில்லை.

கடைசி வாக்கியம்தான் முக்கியமான துப்பு. நாங்கள் அதைப் படித்தோம், தலையாட்டினோம், அப்புறம் மறந்துவிட்டோம். வைண்டிங்கில் சூடு என்றால் அதைச் சுற்றியிருக்கிற காகிதமும் கருகியிருக்கும். கருகவில்லை என்றால் வெறும் உலோகம் ஆயிலைத் தொடுகிற இடத்தில் தேட வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு வகை: ஒன்று டேப் சேஞ்சர் காண்டாக்ட், புஷிங் அடி போல்ட் மாதிரி கரண்ட் போகிற வழியில் உள்ள லூஸ் ஜாயிண்ட். மற்றது வைண்டிங்குக்கு நடுவே நிற்கிற எஃகுக் கோரும் அதைப் பிடித்திருக்கிற இரும்பு ஃப்ரேமும். எங்கள் அனுபவத்தில் முதல் வகைதான் அடிக்கடி வரும், அதனால் புத்தி நேராக அங்கேயே போனது.

ஆகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேர ஷட்டவுன் வாங்கினோம். எல்லா டேப்பிலும், மூன்று ஃபேஸிலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளந்தோம். ஒவ்வொரு அளவிலும் கரண்ட் நிலைக்கக் காத்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் அதிலேயே போனது. எல்லாமே பழைய சோதனைத் தாளோடு ஒத்துப் போயின. மீதி நேரத்தில் புஷிங் முனைகளை இறுக்கிப் பார்த்தோம், மழை வந்தது, மூடிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்து சார்ஜ் செய்தோம். கோர் இன்சுலேஷனை மெகர் என்கிற இன்சுலேஷன் மீட்டரில் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பட்டியலில் கடைசி வரியாக இருந்ததால் அன்றைக்கு அது நடக்கவே இல்லை. இன்று வரை என்னை உறுத்துகிற பத்து நிமிடம் அது.

அப்புறம் ஓணம் வந்தது. ஃபர்னஸ் எல்லாம் நின்று பத்து நாள் லீவு. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சார்ஜில் இருந்தது, யார்டு விளக்கும் பம்ப் ஒன்றிரண்டும் தவிர லோடு இல்லை. லீவுக்கு முந்தைய நாள் ஒரு சாம்பிள், லீவு முடிந்த அன்று ஒரு சாம்பிள் எடுத்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை, சும்மா ஒரு குறுகுறுப்பு. முதலாவதில் எத்திலீன் 610, இரண்டாவதில் 650.

ஜூலையிலிருந்து லீவு வரைக்கும் கணக்குப் பார்த்தால் நாளைக்கு நான்கு பிபிஎம் ஏறிக் கொண்டிருந்தது. லோடே இல்லாத பத்து நாளிலும் அதே நான்கு. கரண்ட் போகிற வழியில் லூஸ் ஜாயிண்ட் இருந்திருந்தால் லோடு போனதும் சூடும் போயிருக்க வேண்டும். கரண்ட் பாதியானால் அந்தச் சூடு கால்வாசியாகும். கரண்டே இல்லாதபோது சூடு எங்கிருந்து வரும்?

இதிலும் ஒரு சங்கடம். 610-க்கும் 650-க்கும் உள்ள வித்தியாசம் ஆறரை சதவீதம்தான். ஒரே ஆயிலை இரண்டு முறை அளந்தாலே அவ்வளவு வித்தியாசம் வரக் கூடும். எங்கள் இன்ஜினியர் சேட்டன் அதைத்தான் சொன்னார்: "இந்த ரெண்டு நம்பரை வச்சு நான் மேனேஜ்மெண்ட்கிட்ட ஷட்டவுன் கேட்டா சிரிப்பாங்க." அவர் சொன்னதில் தப்பில்லை.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கோவையில் இருக்கிறார், எனக்குத் தூரத்து உறவு. போனில் எண்களைப் படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, லோடு போற வழியில சூடு இல்லீன்னு அதுவே சொல்லுதே, நீ ஏன் இன்னும் அங்கயே தேடிட்டு இருக்கற? கோர் எர்த்தைத் தனியா கழட்டி மெகர் போட்டயா?"

"இல்லீங்க மாமா."

"அப்பறம் என்னத்தைப் பாத்தீங்க அஞ்சு மணி நேரம்?"

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள கோருக்கு ஏன் எர்த் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோர் என்பது மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கியது. ஒவ்வொரு தகடும் கால் மில்லிமீட்டர் சொச்சம், இரு பக்கமும் மெல்லிய இன்சுலேஷன் பூச்சு. அதற்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வைண்டிங் இருக்கிறது. கோரை எதனோடும் இணைக்காமல் விட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள கொள்ளளவால் கோரும் பல நூறு, சில நேரம் ஆயிரம் வோல்ட் வரை மிதக்கும். பக்கத்தில் உள்ள இரும்புக்குப் பொறி தாவும். அதனால் எர்த் வேண்டும். ஆனால் ஒரே ஒரு இடத்தில்தான் வேண்டும்.

இரண்டாவது இடத்திலும் எர்த் ஆகிவிட்டால் ஒரு வளையம் உருவாகிறது: எர்த் பட்டை வழியாக கோருக்குள் நுழைந்து, தகடுகளைக் கடந்து, இரண்டாவது தொடுகை வழியாக வெளியே வந்து, ஃப்ரேம், டேங்க் வழியாகத் திரும்பப் பட்டைக்கு. இந்த வளையத்துக்குள் கோரில் ஓடுகிற காந்தப் பாயத்தில் ஒரு பங்கு மாட்டிக் கொள்கிறது. பாயத்தைச் சுற்றிய வளையம் என்றால் அது ஒரு சுற்று வைண்டிங்தான், அதுவும் ஷார்ட் ஆன வைண்டிங். எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றுக்குச் சுமார் 45 வோல்ட் (11 கேவி பக்கம் ஃபேஸுக்கு 6350 வோல்ட், சுமார் 140 சுற்று). பாயத்தில் பாதியை வளையம் பிடித்தால்கூட 20 வோல்ட்டுக்கு மேல். தடை இரண்டு ஓம் என்றால் பத்து ஆம்பியர் சுற்றிச் சுற்றி ஓடும்.

இந்தப் பத்து ஆம்பியர் லோடைப் பார்ப்பதில்லை. கோரில் உள்ள பாயத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ். சார்ஜில் இருக்கிற வரைக்கும், ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், அந்த வளையத்தில் கரண்ட் ஒரே அளவுதான். ஓண லீவில் சூடு ஆறாத காரணம் இதுதான்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு இரண்டாவது ஷட்டவுன். இந்த முறை முதல் வேலையே கோர்தான். டேங்க் மூடியின் மேல் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இரண்டு சிறிய புஷிங். ஒன்று கோரிலிருந்து, மற்றது ஃப்ரேமிலிருந்து வருகிறது. இரண்டையும் செப்பு லிங்க் போட்டு டேங்க்கோடு இணைத்திருப்பார்கள். ஆயில் படிந்து தூசி ஏறி, அதைத் திறந்து பல வருடம் ஆகியிருக்க வேண்டும். லிங்கைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் வைத்தோம். ஃப்ரேமுக்கும் டேங்க்குக்கும் நடுவே 800 மெக்ஓம், அருமை. கோருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே முள் பூஜ்ஜியத்தைவிட்டு நகரவே இல்லை. மல்டிமீட்டரை வைத்தால் 2 ஓம்.

ஓடிக் கொண்டிருக்கிற டிரான்ஸ்ஃபார்மரில் இந்த இன்சுலேஷன் 100 மெக்ஓமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 100-க்கும் 10-க்கும் நடுவே என்றால் ஈரமோ கசடோ என்று சந்தேகிக்கலாம். 10-க்குக் கீழே என்றால் உள்ளே கரண்ட் சுற்றக் கூடும் என்று எடுத்துக் கொள்ள வேண்டும். 2 ஓம் என்பது ஈரமும் இல்லை, கசடும் இல்லை. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. சேட்டன் மீட்டரை வாங்கித் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். "ஐயோ" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்தோம், எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த லிங்க் பெட்டி மூடியின் மேல் இருப்பதால் சார்ஜில் இருக்கும்போது யாரும் அங்கே ஏற முடியாது, 110 கேவி புஷிங் தலைக்கு மேலே நிற்கிறது. அதனால் இரண்டு முனைகளிலிருந்தும் தனித்தனி இன்சுலேட்டட் கேபிள் இழுத்து, டேங்க் சுவரில் சிறிய இன்சுலேட்டர் போட்டுத் தாங்கி, நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து அங்கே எர்த் செய்தோம். இனிமேல் தரையில் நின்றபடியே கிளாம்ப் மீட்டர் வைக்கலாம்.

சார்ஜ் செய்து, மறுநாள் முழு லோடில் கோர் கேபிளில் கிளாம்ப் வைத்தேன்: 9 ஆம்பியர். சரியான கோரில் இது மில்லி ஆம்பியரில் இருக்க வேண்டும். 100 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தேட ஆரம்பிப்பார்கள். ஃப்ரேம் கேபிளில் வைத்தேன்: அங்கேயும் 9. இரண்டு கேபிளையும் சேர்த்துக் கிளாம்ப்புக்குள் விட்டேன்: கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஒன்றில் போகிறது மற்றதில் திரும்பி வருகிறது, மண்ணுக்குள் எதுவும் போகவில்லை. அப்புறம் ஆபரேட்டர் தம்பியிடம் சொல்லி 11 கேவி பிரேக்கரைத் திறக்கச் சொன்னேன். லோடு பூஜ்ஜியம். கிளாம்ப் மீட்டர் அதே 9-ல் நின்றது.

ஓண லீவு சாம்பிள்கள் முணுமுணுத்ததை இந்த மீட்டர் உரக்கச் சொன்னது. சேட்டன் உடனே மேனேஜரிடம் போனார்.

கிளாம்ப் மீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. டேங்க் பக்கத்தில் சிதறல் காந்தப் புலம் இருக்கும், அது மீட்டரையே ஏமாற்றும். முதலில் கிளாம்ப்பைக் கம்பி எதுவும் இல்லாமல் மூடி அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கேயே ஏதாவது காட்டினால் டேங்க்கைவிட்டு விலகி, திருப்பிப் பிடித்து மறுபடி அளக்க வேண்டும். 9 ஆம்பியரில் இது பெரிய விஷயமில்லை. மில்லி ஆம்பியரில் அளக்கும்போது இதுவே முழுப் பொய்யாகிவிடும்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை: சார்ஜில் இருக்கும்போது கோர் எர்த்தைக் கழற்றவே கூடாது. "கழட்டினா கரண்ட் நின்னுடும்ல, அப்படியே விட்டுடலாமே அண்ணா" என்று ஒரு தம்பி கேட்டான். கேள்வி நியாயமானதுதான். கோரை அந்த இரண்டாவது தொடுகையே ஃப்ரேம் வழியாக எர்த் செய்திருக்கிறது, நம் கேபிளைக் கழற்றினால் வளையம் அறுந்து கரண்ட் நிற்கும். ஆனால் உள்ளே தொடுகிற அந்த என்னவோ நாளை அதிர்வில் நகர்ந்துவிட்டால் கோர் எர்த்தே இல்லாமல் மிதக்கும். அப்போது வருவது டி3 இல்லை, பொறி.

நடுவழி ஒன்று உண்டு: கோர் எர்த் வழியில் ரெசிஸ்டர் போடுவது. வளையத்தில் 20 வோல்ட் இருக்கும் என்று கணித்து, 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே கொண்டுவர 200 ஓமுக்கு மேல் வேண்டும் என்று 250 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைக் கோவையிலிருந்து வாங்கி வரச் சொன்னோம். அதில் எரியப் போவது இரண்டு வாட்கூட இல்லை. ஆனாலும் 100 வாட் ரகம் வாங்கினோம். மின்னல், ஸ்விட்சிங் மாதிரி நேரத்தில் ரெசிஸ்டர் மேல் வோல்டேஜ் எகிறும் என்பதால் அதற்குக் குறுக்கே ஒரு சின்ன ஸ்பார்க் கேப்பும் வைத்தோம். அடுத்த ஞாயிறு மாட்டி சார்ஜ் செய்ததும் கோர் கேபிளில் 80 மில்லி ஆம்பியர். 250 ஓமால் பெருக்கினால் 20 வோல்ட். எங்கள் கணிப்பு சரியாக இருந்தது என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

அந்த 20 வோல்ட்டை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தால், 9 ஆம்பியர் ஓடியபோது உள்ளே வீணானது மொத்தம் 180 வாட். எங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு லோடே இல்லாதபோது ஆகிற நஷ்டம் ஒன்பது கிலோவாட் சொச்சம். அதில் 180 வாட் கூடினால் ஆயில் தெர்மாமீட்டருக்கு எப்படித் தெரியும்? ஜூலை முழுக்க ஆயில் டெம்பரேச்சர் வழக்கம் போலத்தான் இருந்தது. உள்ளே வாயு சேர்ந்தால் அலாரம் கொடுக்கிற புக்கோல்ஸ் ரிலேயும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த 180 வாட்டில் பாதியாவது ஒரு கடுகளவு தொடுகையில் விழுந்தால் அந்த இடம் 700 டிகிரிக்குப் போவது ஆச்சரியமில்லை.

ரெசிஸ்டர் போட்ட பிறகு மாதம் ஒரு சாம்பிள். எத்திலீன் 720 பக்கம் நின்றுவிட்டது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றிலும் ஏற்றம் இல்லை. கோர்தான் காரணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இங்கே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு, ரெசிஸ்டரோடு வருடக் கணக்கில் ஓடுகிற டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் உள்ளே எங்கே தொடுகிறது என்று தெரியாதவரை அது தள்ளிப்போட்ட வேலைதான். மூன்றாவது ஒரு தொடுகை உள்ளே உருவானால் அந்த வளையம் முழுக்க டேங்க்குக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே நாம் வைத்த ரெசிஸ்டரால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ரிப்பேர் காண்டிராக்டர் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: பெரிய கப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து கோருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரே அடியாக விட்டால் உள்ளே தொடுவது எரிந்து போகும், திறக்கவே வேண்டாம். இது கட்டுக்கதை இல்லை, மயிரிழை மாதிரி மெல்லிய பிசிறு மாட்டியிருந்தால் வேலை செய்யும். ஆனால் 2 ஓமில் உறுதியாகத் தொடுகிற கனமான துண்டு எரியாது, இன்னும் நன்றாகப் பற்றவைத்துக் கொள்ளவும் கூடும். நாங்கள் வேண்டாம் என்றோம்.

ஜனவரியில் ஃபர்னஸ் லைனிங் வேலைக்காக ஆலை நின்றபோது திறந்தோம். வெயில், மழையில்லை, ஆனால் அந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, நான்கு பக்கமும் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்திய பிறகுதான் மேன்ஹோலைக் கழற்றினோம். ஆயிலை முழுக்க இறக்கவில்லை. கோரின் மேல் குறுக்குப் பகுதியான யோக் தெரிகிற அளவுக்கு மட்டும் இறக்கினால் வைண்டிங் ஆயிலுக்குள்ளேயே இருக்கும், ஈரம் ஏறாது. குறைந்த மட்டத்துக்கு மேல் உலர்ந்த காற்று விட்டுக் கொண்டே இருந்தோம்.

தேடுவதற்குப் பெரியவர் சொல்லிக் கொடுத்த வழி எனக்கு இன்றும் வியப்பு. யோக்கின் முன் முகத்திலிருந்து பின் முகத்துக்கு, அடுக்கிய தகடுகளின் குறுக்கே, 12 வோல்ட் கார் பேட்டரியை இணைத்துக் கொஞ்சம் கரண்ட் விட வேண்டும். தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சுக்குக் கொஞ்சம் தடை இருப்பதால் முன்பக்கத் தகட்டிலிருந்து பின்பக்கத் தகடு வரை வோல்டேஜ் படிப்படியாக இறங்கும். ஃப்ரேம் எந்தத் தகட்டைத் தொடுகிறதோ அந்தத் தகட்டின் வோல்டேஜில்தான் ஃப்ரேமும் நிற்கும். கோர் லிங்க், ஃப்ரேம் லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஃப்ரேமில் வைத்து, மறுமுனையால் தகடு அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொண்டே போக வேண்டும். எங்கே பூஜ்ஜியமோ அந்த அடுக்குதான்.

கையை உள்ளே விட்டவன் நான் இல்லை. ஒல்லியான ஹெல்பர் தம்பி ஒருவன். பையில் இருந்த சாவி, பேனா, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, கருவிகளைக் கையில் நாடாவால் கட்டிக் கொண்டு குனிந்தான். எண்களைக் கத்திக் கொண்டே வந்தான். நாலு புள்ளி ஒண்ணு, ரெண்டு புள்ளி ஏழு, ஒண்ணு புள்ளி மூணு. 110 கேவி பக்க முகத்திலிருந்து நான்காவது படியில் பூஜ்ஜியத்தைத் தொட்டு, அடுத்ததில் மைனஸ். அந்தப் படியின் நீளத்தை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துக் கொண்டே போனால் போதும். பி ஃபேஸ் பக்கம், யோக்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே உள்ள பிரஸ்போர்டு என்கிற இன்சுலேஷன் அட்டையின் ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு கறை. அதற்குள் செருகி நின்றது வாஷர்.

மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்தான். ஒரு பக்கம் நீலம் பாய்ந்து, மறுபக்கம் உருகி மழுங்கியிருந்தது. தொட்ட இடத்தில் நான்கைந்து தகடுகளின் விளிம்பு பொசுங்கியிருந்தது, அதற்கு மேல் சேதமில்லை. எடுத்த மறுகணம் மெகர் வைத்தோம்: கோருக்கும் ஃப்ரேமுக்கும் 450 மெக்ஓம். விளிம்பைத் துடைத்து, கருகிய பிரஸ்போர்டுக்குப் பதில் புதுத் துண்டு செருகி, மூடி, வேக்குவம் போட்டு ஆயிலை ஃபில்டர் செய்து வாயுக்களையும் நீக்கினோம். புது டிஜிஏவில் எத்திலீன் ஒற்றை இலக்கத்தில் வந்தது, அங்கிருந்து இனிமேல் எண்ண வேண்டும்.

அந்த வாஷர் எப்படி உள்ளே போனது? இரண்டு வருடம் முன்பு பி ஃபேஸ் 110 கேவி புஷிங் மாற்றினோம். விழுந்த வாஷர் ஃப்ரேம் விளிம்பில் சும்மா கிடந்திருக்கும். கோர் நொடிக்கு 100 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வு அதை மெல்ல மெல்ல நகர்த்தி, பிரஸ்போர்டைத் தேய்த்து, தகடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. மார்ச் மாத ரிப்போர்ட் சுத்தமாக இருந்ததற்கும் அதுவே விளக்கம்.

புஷிங் மாற்றிய அன்றைய வேலைத் தாளைத் தேடி எடுத்தேன். உள்ளே கொண்டுபோன ஸ்பேனர், ராட்செட், டார்ச் எல்லாம் எண்ணி எழுதி, வெளியே வந்ததும் எண்ணி டிக் அடித்திருந்தோம். போல்ட், நட், வாஷருக்கு அந்தத் தாளில் பத்தியே இல்லை. கீழே போட்டிருந்த கையெழுத்து என்னுடையது. இப்போது அந்தத் தாளில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. வாஷர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் என் மேஜை மேல் இருக்கிறது. கோர் கேபிளில் இந்த மாதம் வைத்துப் பார்த்த கிளாம்ப், ஆறு மில்லி ஆம்பியர்.